இடைவெளி விட்ட தண்டில் அச்சு விசை: சுவர் எதிர்வினை தப்பாக வரும்போது எங்கே பார்ப்பது

இடது முனை சுவரில் இறுகப் பிடித்திருக்கிறது. வலது முனைக்கும் அடுத்த சுவருக்கும் நடுவில் மயிரிழை அளவு இடைவெளி. தண்டின் நடுவில் எங்கோ ஓரிடத்தில் வலப்பக்கமாக ஒரு விசை. இரண்டு சுவர்களும் எவ்வளவு தாங்குகின்றன என்பதுதான் கேள்வி. இந்தக் கணக்கில் வரும் பிழைகள் திரும்பத் திரும்ப ஒரே சில இடங்களில்தான் வருகின்றன. கிடைத்த விடையின் முகத்தைப் பார்த்தே எந்த இடம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதனால் கீழே எல்லாம் அறிகுறி வாரியாக இருக்கிறது. ஒவ்வொன்றிலும் சுலபமான காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

## ஒப்பிட ஒரு சரியான கணக்கு

எல்லா அறிகுறிகளுக்கும் இந்த ஒரே தண்டைத்தான் எடுத்துக்கொள்கிறோம். 25 × 20 மி.மீ. எஃகுப் பட்டை, குறுக்குப் பரப்பு 500 சதுர மி.மீ. யங் குணகம் 200 கிகாபாஸ்கல். இடது சுவரிலிருந்து விசை விழும் இடம் வரை 400 மி.மீ., அங்கிருந்து வலது முனை வரை 600 மி.மீ. இடைவெளி 0.2 மி.மீ. விசை 100 கிலோநியூட்டன். கீழே `g` என்பது இடைவெளி, `R_A` இடது சுவரின் எதிர்வினை, `R_B` வலது சுவரின் எதிர்வினை.

```
P = 100000 N   L1 = 400 mm   L2 = 600 mm   L = 1000 mm
A·E = 500 × 200000 = 1e8 N   g = 0.2 mm

1) free = P·L1/(A·E) = 0.4 mm
2) free > g, so contact
3) R_B = (free − g)·A·E/L = 20000 N
4) R_A = P − R_B = 80000 N
```

முதல் வரியில் வலது சுவரே இல்லை என்று வைத்துக்கொண்டு முனை எவ்வளவு நகரும் என்று பார்க்கிறோம். விசைக்கு வலப்பக்கம் உள்ள 600 மி.மீ. அப்போது வெறுமனே கூடவே நகர்கிறது, அதில் விசை எதுவும் இல்லை. 0.4 நகர வேண்டியது, இடம் இருப்பது 0.2. மிச்சமுள்ள 0.2 மி.மீ.யை வலது சுவர் பின்னால் தள்ளியாக வேண்டும். அப்படித் தள்ளும்போது தண்டு முழுவதும், ஆயிரம் மி.மீ.யும், அமுங்குகிறது. மூன்றாவது வரியில் `L` வருவது அதனால்தான்.

விடை கிடைத்ததும் சரிபார்ப்பு: இடத்துண்டு 80 கிலோநியூட்டன் இழுவிசையில் 0.32 மி.மீ. நீள்கிறது. வலத்துண்டு 20 கிலோநியூட்டன் அமுக்கத்தில் 0.12 மி.மீ. குறுகுகிறது. நிகரம் 0.20, அதாவது இடைவெளியேதான். இந்த ஒரு வரியை எழுதாமல் விடையை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

இன்னும் இரண்டு எண்கள் கைவசம் இருக்கட்டும். முனை சுவரைத் தொடும் விசை `g·A·E/L1`, இங்கே 50 கிலோநியூட்டன். அதற்குப் பிறகு கூடும் ஒவ்வொரு கிலோநியூட்டனிலும் `L1/L` பங்கு, அதாவது 0.4, வலது சுவருக்குப் போகிறது.

## அறிகுறி 1: வலது எதிர்வினை எதிர்மறையாக வருகிறது

சுவர் தள்ளத்தான் முடியும், ஒட்டிக்கொண்டு இழுக்க முடியாது. ஆகவே எதிர்மறை வந்தால் விடை தப்பு என்பதில் சந்தேகமே இல்லை. காரணத்தைத்தான் தேட வேண்டும்.

விசை போதாமல் இருக்கிறதா? விசையை 40 கிலோநியூட்டனாக வைத்துப் பாருங்கள். முனை 0.16 மி.மீ.தான் நகரும், சுவரைத் தொடவே தொடாது. இரண்டாவது வரிச் சோதனையைத் தாண்டி நேரே மூன்றாவது வரிக்குப் போனவருக்கு −4 கிலோநியூட்டன் கிடைக்கும். சரியான விடை: வலது எதிர்வினை சுழியம், இடது சுவர் முழு 40ஐயும் தாங்குகிறது. −4ஐ அப்படியே விட்டுவிட்டு இடது சுவருக்கு 44 என்று எழுதுவது இதன் தொடர் பிழை. கூட்டுத்தொகை 40 வந்துவிடுவதால் இது கண்ணில் படாமல் தப்பிவிடும்.

விசை இடப்பக்கமாகத் தள்ளுகிறதா? அப்படியானால் இடைவெளி இன்னும் விரிகிறது. வலது எதிர்வினை சுழியம், கணக்கு அங்கேயே முடிந்தது.

இரண்டும் இல்லையா? பல விசைகள் இருக்கும் கணக்கில் ஏதோ ஒன்றின் திசைக்குறி மாறியிருக்கும். ஒவ்வொரு விசைக்கும் அம்புக்குறி வரைந்து, வலப்பக்கம் போவதெல்லாம் நேர்மறை என்று மீண்டும் எழுதுங்கள்.

## அறிகுறி 2: கூட்டுத்தொகை சரி, ஆனால் நிகர நீட்சி இடைவெளிக்குச் சமமாக இல்லை

அதிகம் வருவது இதுதான். இரண்டு எதிர்வினைகளும் சேர்ந்து 100 வருகிறது என்று நிம்மதியாக எழுதி முடித்துவிடுகிறார்கள். இடது எதிர்வினையை 100இலிருந்து கழித்துத்தானே கண்டுபிடித்தோம், கூட்டினால் 100 வராமல் எங்கே போகும்? அந்தச் சோதனையால் எந்தப் பயனும் இல்லை. நீட்சிச் சோதனைதான் பேசும்.

உங்களுக்கு வந்த வலது எதிர்வினை எது என்று பாருங்கள்.

33.3 கிலோநியூட்டன் வந்திருந்தால்: மூன்றாவது வரியில் `L` போட வேண்டிய இடத்தில் `L2` போட்டிருக்கிறீர்கள். சுவர் தள்ளும் தள்ளு விசை விழும் இடத்தோடு நின்றுவிடுகிறது என்ற எண்ணம். நிற்காது, இடது சுவர் வரை போகும். இடத்துண்டில் அது அமுக்கமாகத் தெரியாது, ஏற்கெனவே இருக்கும் இழுவிசையைக் குறைப்பதாகத் தெரியும். நீட்சிச் சோதனை போட்டால் நிகரம் 0.067 மி.மீ. என்று வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

40 வந்திருந்தால்: இடைவெளியையே மறந்துவிட்டீர்கள். இரு முனையும் பிடித்த தண்டின் விடை அது. நிகர நீட்சி சுழியம் வரும்.

60 வந்திருந்தால்: இடைவெளியைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருக்கிறீர்கள். இதைப் பிடிக்கக் கணக்கே தேவையில்லை. இடைவெளி வலது சுவரின் சுமையைக் குறைக்கும், ஒருநாளும் கூட்டாது. ஆகவே இடைவெளியற்ற விடையான 40ஐத் தாண்டும் எதுவும் தப்பு. வெப்பம் சேர்ந்தால் மட்டும் கதை வேறு, அது கீழே வருகிறது.

கிட்டத்தட்ட 40, அல்லது எத்தனை விசை போட்டாலும் சுழியம்: அலகு. 0.2ஐ மீட்டர் என்று எடுத்தால் அது 20 செ.மீ. இடைவெளி, எந்தக் காலத்திலும் தொடாது. 0.0002ஐ மி.மீ. என்று எடுத்தால் இடைவெளி இல்லாததுபோல் ஆகிவிடும், விடை 39.98 என்று வரும். நியூட்டன், மி.மீ., மெகாபாஸ்கல் என்ற மூன்றையும் சேர்த்தே பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

மேலே எதுவும் பொருந்தவில்லையா? தண்டின் பரப்பு நடுவில் மாறுகிறதா என்று பாருங்கள். வலத்துண்டின் பரப்பு 250 சதுர மி.மீ. என்று வையுங்கள். தொடுவதற்கு முந்தைய நகர்வு அப்படியே 0.4தான், ஏனென்றால் வலத்துண்டில் அப்போது விசை இல்லை. மாறுவது பின்னால் தள்ளும் படி மட்டும். ஒரே `L/(A·E)`க்குப் பதில் துண்டுத் துண்டாகக் கூட்ட வேண்டும்:

```
400/1e8 + 600/5e7 = 1.6e-5 mm/N
R_B = 0.2/1.6e-5 = 12500 N
R_A = 87500 N
check: 0.35 − 0.15 = 0.20 mm
```

இரண்டு உலோகங்கள் சேர்ந்த தண்டுக்கும் இதே வழி, பரப்போடு குணகமும் துண்டுக்குத் துண்டு மாறும், அவ்வளவுதான். தண்டின் நீளம் 1000ஆ, சுவர்களுக்கு நடுவே உள்ள 1000.2ஆ என்ற குழப்பம் சிலருக்கு வரும். தண்டின் நீளமே சரி. மற்றதைப் போட்டாலும் விடையில் தெரியாது, அதற்காக நேரத்தை வீணாக்க வேண்டாம்.

## அறிகுறி 3: விசையை இரட்டித்தால் எதிர்வினை இரட்டிக்கவில்லை

இது பிழையே அல்ல. 50இல் சுழியம், 100இல் 20, 200இல் 60 என்று போகும். தொடும்வரை ஓர் அமைப்பு, தொட்ட பிறகு வேறோர் அமைப்பு. நேர்கோட்டு உறவு அந்த முறிவுப் புள்ளியில் உடைந்துவிடுகிறது.

பிழை எப்போது என்றால், தனித்தனி விசைகளுக்கு எதிர்வினை கண்டு கடைசியில் கூட்டும்போது. ஒரே இடத்தில் 30ம் 30ம் விழுகின்றன என்று வையுங்கள். தனித்தனியே போட்டால் இரண்டுமே தொடாது, சுழியமும் சுழியமும் சேர்ந்து சுழியம். சேர்த்துப் போட்டால் 60, தொட்டுவிடும், வலது எதிர்வினை 4 கிலோநியூட்டன். சுவர் இல்லாத நிலையில் முனையின் நகர்வுகளைக் கூட்டலாம், அதில் தடையில்லை. எதிர்வினைகளைக் கூட்டக்கூடாது. எல்லா நகர்வையும் முதலில் கூட்டிவிட்டு, இடைவெளியை ஒரே ஒரு முறை கழியுங்கள்.

## அறிகுறி 4: மென்பொருள் தரும் விடை கைக்கணக்கோடு ஒத்துவரவில்லை

முதலில் கைக்கணக்கை ஒரு சிறு நிரலாக வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட வசதி:

```python
def reactions(P, L1, L2, A, E, g):
    free = P*L1/(A*E)
    if free <= g:
        return P, 0.0
    RB = (free - g)*A*E/(L1 + L2)
    return P - RB, RB

print(reactions(100e3, 400, 600, 500, 200e3, 0.2))
# (80000.0, 20000.0)
```

மென்பொருள் 40 அல்லது சுழியம் காட்டினால்: நேர்கோட்டுப் பகுப்பாய்வை ஓட்டியிருக்கிறீர்கள். இடைவெளி உறுப்பை வரைந்து வைத்திருந்தாலும், அந்த வகை ஓட்டம் ஒன்று அதை முழுதாகப் பிடித்ததாக எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும். நேர்கோடல்லாத ஓட்டத்துக்கு மாற்றுங்கள்.

20க்குச் சற்றுக் குறைவாகக் காட்டினால்: இடைவெளி உறுப்பின் விறைப்பு போதவில்லை. அந்த உறுப்பு உண்மையில் ஒரு சுருள்வில், மூடிய பிறகும் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும். நம் தண்டின் விறைப்பு மி.மீ.க்கு 100 கிலோநியூட்டன். வில்லுக்கு அதைப்போல் 10 மடங்கு கொடுத்தால் விடை 18.2, நூறு மடங்கு கொடுத்தால் 19.8, ஆயிரம் மடங்கில் 19.98. நூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவில் நின்றால் போதும். இன்னும் துல்லியம் வேண்டும் என்று கோடி மடங்கு கொடுத்தால் சமன்பாடுகள் நிலைகுலைந்து, தீர்வு குவியாமல் திறந்து மூடி ஆடிக்கொண்டிருக்கும்.

தீர்வே வராமல் நின்றுவிட்டால்: தண்டின் இரு முனையிலும் இடைவெளி வைத்திருக்கிறீர்களா? தொடும்வரை அந்தத் தண்டை எதுவும் பிடித்திருக்கவில்லை, அதனால் மென்பொருள் திணறுகிறது. ஒரு முனைக்கு மிக மெல்லிய வில் ஒன்று கொடுங்கள், மி.மீ.க்கு சில நியூட்டன் போதும். இடது முனை பிடித்தே இருந்தும் நிற்கிறதென்றால் விசையை ஒரே அடியில் ஏற்றாமல் பத்துப் படியாக ஏற்றிப் பாருங்கள்.

## அறிகுறி 5: கணக்கு சரி, சோதனை மேசையில் அளந்தது வேறு

வலத்துண்டில் ஒரு ஸ்ட்ரெயின் கேஜ், இடத்துண்டில் ஒன்று ஒட்டியிருந்தால் 100 கிலோநியூட்டனில் அமுக்கம் 200, இழுவை 800 மைக்ரோஸ்ட்ரெயின் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் அந்த ஓர் அளவீட்டை வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டாம். விசையைச் சுழியத்திலிருந்து 10, 10ஆக ஏற்றி, வலது எதிர்வினைக்கு ஒரு வரைகோடு போடுங்கள். 50 வரை தரையோடு கிடந்து, அங்கே முறிந்து, 0.4 சரிவில் ஏற வேண்டும். முறிவு எங்கே, சரிவு எவ்வளவு என்ற இரண்டும் நோயைச் சொல்லிவிடும்.

### முறிவு இடம் மாறியிருக்கிறது, சரிவு 0.4தான்

இடைவெளி நீங்கள் நினைத்த அளவு இல்லை. விசையை இறக்கிவிட்டு ஃபீலர் கேஜ் தகடுகளால் அளந்து பாருங்கள்.

அளவு மாறியிருந்தால் முதல் சந்தேகம் வெப்பம். எஃகு ஒரு பாகை செல்சியஸுக்கு மீட்டருக்கு சுமார் 0.012 மி.மீ. நீளும். தண்டு 5 பாகை சூடேறினால் 0.06 மி.மீ. போய்விட்டது, இடைவெளி 0.14, முறிவு 35 கிலோநியூட்டனில். 100இல் வலது எதிர்வினை 26. 17 பாகைக்குக் கிட்டத்தில் விசையே இல்லாமல் இடைவெளி மூடிக்கொள்ளும். 30 பாகை ஏறினால் வலது சுவருக்கு 56, இடது சுவருக்கு 44. பெரிய பங்கு எந்தச் சுவருக்கு என்பதே தலைகீழாகிவிடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மேலே சொன்னது தண்டு மட்டும் சூடேறி, சுவர்கள் அசையாமல் நிற்கும் கதை. சுவர்களைத் தாங்கும் சட்டமும் எஃகாக இருந்து அதே அளவு சூடேறினால் இடைவெளி ஏறக்குறைய மாறாது. கணக்கில் போட வேண்டியது தண்டுக்கும் சட்டத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை மட்டும்.

### முறிவு 50இல்தான், சரிவு குறைவு

வலது சுவர் வளைந்துகொடுக்கிறது. சுவரின் விறைப்பும் தண்டின் விறைப்பைப்போல் மி.மீ.க்கு 100 கிலோநியூட்டன்தான் என்றால் சரிவு பாதியாகி 0.2க்கு இறங்கும், 100இல் எதிர்வினை 10. சுவரின் விறைப்பை `k` என்று வைத்து, கணக்கில் `L/(A·E)` உடன் `1/k` சேருங்கள், பொருந்திவிடும். பிடிப்புத் தகட்டின் போல்டுகள் தளர்ந்திருப்பது மிகச் சாதாரணமான காரணம், அதை முதலில் முறுக்கிப் பாருங்கள்.

### முறிவு முன்னாலேயே வருகிறது, சரிவும் சற்று அதிகம்

இடது சுவர் நகர்கிறது. பலர் இதை எதிர்பார்ப்பதில்லை. சுவர் தளர்ந்தால் எதிர்வினை குறையும் என்றுதான் தோன்றும், வலது சுவருக்கு அது உண்மையும்கூட. ஆனால் இடது சுவர் தளர்ந்தால் தண்டு முழுதும் வலப்பக்கம் தள்ளப்பட்டு, இடைவெளி சீக்கிரம் மூடி, வலது சுவரின் சுமை கூடுகிறது. இரண்டு சுவருக்கும் மி.மீ.க்கு 500 கிலோநியூட்டன் விறைப்பு என்றால் முறிவு 33இல் வரும், சரிவு 0.43, 100இல் வலது எதிர்வினை 28.6. சரிவில் உள்ள வித்தியாசம் சிறியது, வெப்பத்தோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இடது பிடிப்பில் ஒரு டயல் கேஜ் வைத்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

### முறிவு கூர்மையாக இல்லை, வளைந்து ஏறுகிறது

முனையும் சுவரும் இணையாக இல்லை, ஒரு மூலை முதலில் தொடுகிறது. ஃபீலர் கேஜை நான்கு பக்கமும் விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் 0.25 தகடு போய், எதிர்ப்பக்கம் 0.15 தகடு மட்டும் போனால் வேறு சாட்சி வேண்டாம். முனையை மறுபடி கடைந்து செங்குத்தாக்குவதே தீர்வு. அப்படியே விட்டால் வலத்துண்டில் வளைவும் சேரும், பட்டையின் ஒரு முகத்தில் மட்டும் ஒட்டிய கேஜ் தப்பான எண்ணைத்தான் காட்டும்.

## அறிகுறி 6: தகைவு யீல்டு எல்லையைத் தொடுகிறது

மேலே உள்ள எல்லாமே மீள்தன்மை எல்லைக்குள்தான் செல்லும். யீல்டு தகைவு 250 மெகாபாஸ்கல் என்றால் இடத்துண்டு 125 கிலோநியூட்டன் வரை தாங்கும். அந்த நிலை மொத்த விசை 175ஐ எட்டும்போது வருகிறது, அப்போது வலது சுவரில் 50. அதற்குமேல் இடத்துண்டு கூடுதலாக எதையும் வாங்காது, ஏறும் விசை முழுவதும் வலது சுவருக்கே போகும். 200இல் சூத்திரம் 140ம் 60ம் என்று சொல்லும். உண்மையில் 125ம் 75ம்.

அந்த 75ஐ வலத்துண்டு தாங்குமா என்பது தனிக் கேள்வி. தகைவு 150தான், அதனால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் 20 மி.மீ. தடிமனுக்கு 600 மி.மீ. நீளம் என்பது ஒல்லியான உறுப்பு. இரு முனையும் பக்கவாட்டில் நகராமல், ஆனால் சுழலும்படி இருந்தாலே பக்ளிங் விசை சுமார் 91 கிலோநியூட்டன்தான். வலது முனையைச் சுவரில் உராய்வு மட்டுமே பிடித்திருக்கிறது. அது பக்கவாட்டில் வழுக்கிவிட்டால் அந்த எண் கால்வாசிக்கும் கீழே போகலாம், அதாவது நம் 20 கிலோநியூட்டனுக்கே ஆபத்தாகும் அளவுக்கு.

ஆகவே நிற்க வேண்டிய இடம் இது: எந்தத் துண்டாவது யீல்டு எல்லையைத் தொட்டால், அமுக்கத்தில் இருக்கும் துண்டின் பக்ளிங் விசைக்குப் பாதியை எதிர்வினை தாண்டினால், அல்லது விசை திரும்பத் திரும்ப ஏறி இறங்கி முனை சுவரில் இடித்துக்கொண்டிருந்தால், கைக்கணக்கை மூடிவைத்துவிட்டு அமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கட்டடத்திலோ இயந்திரத்திலோ உள்ள நிஜ உறுப்பென்றால் சுவர் விறைப்பு தெரியாத நிலையிலேயே கூப்பிடுவது நல்லது. அவரிடம் முறிவும் சரிவும் உள்ள அந்த வரைகோட்டைக் கொடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தண்டு ஏற்கெனவே யீல்டு ஆகிவிட்டதா என்பதையும் அதே வரைகோடு சொல்லும். நம் தண்டை ஒருமுறை 200 வரை ஏற்றினால் இடத்துண்டு 0.15 மி.மீ. நிரந்தரமாக நீண்டுவிடும். விசையை இறக்கிய பிறகு ஃபீலர் கேஜில் 0.05தான் போகும், அடுத்த ஏற்றத்தில் முறிவு 12.5 கிலோநியூட்டனிலேயே வந்துவிடும். வெப்ப வித்தியாசமும் இல்லாமல், பிடிப்பும் தளராமல், முறிவு இப்படி முன்னால் வந்திருந்தால் அந்தத் தண்டை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.